மூக்கு குத்திய லோரி

மில்லின் பாரந்தூக்கி பிரெஸ் இயந்திரத்தை லோரியின் வால் பக்கத்திலிருந்து உயர்த்தியபோது ஜெயா முன் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அதனால்தான் அதைப் பார்த்தாள். ஐந்தரை டன் இரும்பு பின்னால் காற்றில் எழும்ப எழும்ப, முன் பக்கம் லோரியின் தலை மெல்லக் கீழே இறங்கியது. பம்பருக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்தது. முன் டயர்கள் இரண்டும் பக்கவாட்டில் பிதுங்கின.

பாரம் இறங்கினால் லோரி எழும்பும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பின் பக்கம் எழும்பத்தான் செய்தது. முன் பக்கம் மட்டும், தூங்கி விழுகிறவன் தலையைப் போல, கவிழ்ந்து நின்றது.

அவளுக்கு உடனே கிளேபாங் ஞாபகம் வந்தது.

கிளேபாங்கில் கடலோரச் சாலையில் அவள் லோரியின் இடது முன் டயர் வெடித்தது. சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சவட்டிக்கொண்டு போய் நின்றது லோரி. கடை திறக்காத நேரம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலையே லோரி முதலாளி சுகுமாரன் லோரிக்காரர்களின் வாட்சாப் குழுவில் எழுதிவிட்டார்: ஜெயா ஓவர்ஸ்பீட், டயரைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறாள், இன்னொரு தடவை ஆனால் லோரியை விட்டு இறங்க வேண்டியதுதான். வேகமாகப் போகவில்லை என்று அவள் சொன்னாள். காலையில் காற்று பார்த்ததாகவும் சொன்னாள். பதினோரு ஆண்கள் இருந்த குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. ஹரிதாஸ் மட்டும் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டான்.

சுகுமாரனின் யார்டு டுரியான் துங்காலில் இருக்கிறது. ஐந்து லோரிகள். அவரே இருபது வருடம் ஓட்டியவர். லோட் ஏற்றுவதை இன்றுவரை வேறு யாரிடமும் விட்டதில்லை. அவருக்கு இரண்டு விதிகள் உண்டு. கனமான சாமான் முன்னால், கேபினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். முதலில் இறங்குவது வாலில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் இருந்தது. அவர் ஓட்டிய காலத்தில், பிரேக் போட்டபோது நடுவில் வைத்திருந்த இரும்புச் சுருள் ஒன்று உருண்டு வந்து கேபினைப் பிளந்தது. உடன் இருந்த உதவியாளுக்கு ஒரு கால் போனது. அன்றிலிருந்து கனமான சாமானுக்கும் தடுப்புக்கும் நடுவே கை நுழைய அவர் இடம் விட்டதில்லை. இரண்டாவது விதிக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் கடையில் இறக்க வேண்டியதை உள்ளே வைத்துவிட்டு யார் தோண்டி எடுப்பது?

அன்று காலையும் அப்படித்தான் ஏற்றினார். சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே இருக்கும் செம்பனை எண்ணெய் மில்லுக்கு பிரெஸ், ஐந்தரை டன். அது வாலில். ஜாசின் பக்கத்து இன்னொரு மில்லுக்குப் பழுதுபார்த்த டர்பைன், ஆறரை டன். அது தடுப்போடு ஒட்டி முன்னால். அதே மில்லுக்கு பாய்லர் அடுப்புக் கம்பிகள் ஒரு பெட்டி, இரண்டு டன். அது நடுவில். டர்பைனைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் என்ன என்று ஜெயா கேட்டாள். ஏன் என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு அவளிடம் சரியான பதில் இல்லை. கிளேபாங் அன்றும் கனம் முன்னால்தான் இருந்தது என்பது மட்டும் தெரியும். மொத்த எடை லோரிக் கதவில் எழுதியிருப்பதற்குள் இருக்கிறது, அதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் சங்கிலியை இறுக்கினார்.

இப்போது பிதுங்கி நின்ற டயரைப் பார்த்தபோது, காலையில் இல்லாத பதிலின் வால் நுனி அவள் கையில் பட்டது போல இருந்தது.

மில்லுக்கு வரும் எந்த லோரியும் திம்பாங்கில் ஏறி இறங்காமல் வெளியே போக முடியாது. தரையோடு பதிந்த நீளமான எடை மேடை அது. பக்கத்துக் கண்ணாடி அறையில் எடை குறிக்கும் மலர்விழி இருந்தாள். அறைக்கு மேலே வெளியிலிருந்து பார்க்கும்படி சிவப்பு எண்கள். வரும்போது இருபத்து நாலாயிரம் காட்டியிருந்தது. இப்போது லோரி முழுதாக மேடையில் நின்றதும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு காட்டியது. ஐந்தரை டன் குறைந்திருக்கிறது. மலர்விழி கையைக் காட்டினாள், போகலாம் என்று.

ஜெயா போகவில்லை. தலையை வெளியே நீட்டி, முன் சக்கரத்தை மட்டும் நிறுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பழத்தையும் எண்ணெயையும் நிறுக்கத்தான் அந்த மேடை, இப்படி யாரும் கேட்டதில்லை. மலர்விழி தோளைக் குலுக்கினாள். ஜெயா லோரியைப் பின்னால் எடுத்தாள். பின் சக்கரங்கள் மேடையை விட்டு இறங்கி, சமமான சிமெண்டுத் தரையில் நின்றன. முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருந்தன.

எண் ஓடி நின்றது. 8,700.

ஜெயா கதவைத் திறந்தாள். கதவுச் சட்டத்தின் உள்பக்கம், இத்தனை வருடம் எண்ணெய் அழுக்கோடு கிடந்த சின்னத் தகட்டை விரலால் துடைத்தாள். முன் அச்சுக்கு ஏழாயிரம் கிலோ என்று அதில் இருந்தது. கதவுக்கு வெளியே பெரிய வெள்ளை எழுத்தில் மொத்த எடை. அதைத்தான் எல்லோரும் படிப்பார்கள், அதிகாரிகள் உட்பட. இந்தத் தகட்டை யாரும் படித்ததில்லை. அவளும்தான்.

அவள் எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டாள்.

உள்ளே வருகிற லோரியும் வெளியே போகிற லோரியும் ஒரே பக்கத்திலிருந்துதான் மேடையில் ஏற வேண்டும். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையாக நின்றன. முதல் லோரியில் இருந்த மருதமுத்து நீளமாக ஹாரன் அடித்தார். அறுபதை நெருங்கியவர், எஸ்டேட் எஸ்டேட்டாகக் குலை அள்ளியே உடம்பு முறுகிப் போனவர். கடைசியில் இறங்கி வந்தார்.

"என்னாம்மா, வண்டி செத்துப்போச்சா?"

"இல்ல மாமா. உயிரோடதான் இருக்கு. நான்தான் எடுக்கல."

"எடுக்கலன்னா? திம்பாங் என்ன உங்க அப்பன் வீட்டுப் போர்ச்சா லா?"

அவள் எண்ணைக் காட்டினாள். பிறகு டயரைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், டயரைக் காலால் ஒரு உதை விட்டார், தன் லோரிக்குப் போனார். ஹாரன் அடிப்பதை மட்டும் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் நிறுத்தவில்லை.

மலர்விழி அறையிலிருந்து ஓடிவந்தாள். ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் பண்ணிக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினாள். மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாராம். ஜெயாவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஓரமாகப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேடையை விட்டு இறங்கியதும் எண் பூஜ்யமாகிவிடும். பாரந்தூக்கி வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு அவள் வாய்ச்சொல்தான் மிஞ்சும். அவள் வாய்ச்சொல்லுக்கு என்ன மரியாதை என்பதைக் கிளேபாங்கில் பார்த்தாயிற்று.

"மன்னிச்சுக்கம்மா. இந்த நம்பர எங்க மொதலாளி கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் நவுர மாட்டேன்."

சுகுமாரனுக்குப் போன் செய்தாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். பாரத்தை இறக்கிய லோரி எப்படி ஓவர்லோட் ஆகும், ஆறாவது படித்த பிள்ளைகூட இப்படிக் கேட்காது என்றார். எடுக்கிறாயா, சாவியைக் கொடுக்கிறாயா என்றார். சாவி வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். இந்த லோரி போனால் வேறு லோரி அவ்வளவு எளிதில் கிடைக்காது. டயர் வெடித்தவள் என்ற பேர் மலாக்கா முழுக்க முன்னாலேயே போய் நிற்கும். அப்படியும் லோரியின் இந்தக் கவிழ்ந்த மூக்கோடு கேட்டைத் தாண்டுவதாக இல்லை. போகிற வழியில் டுரியான் துங்கால். கல்லூரி விடும் நேரம், மோட்டார் சைக்கிளில் பிள்ளைகள் லோரியின் இரண்டு பக்கமும் போவார்கள். அன்று நாற்காலிகள் இருந்த இடத்தில் இன்று யார் இருப்பார்கள்?

சுகுமாரன் வந்தபோது கூடவே ஹரிதாஸையும் கூட்டி வந்திருந்தார், லோரியை எடுத்துப் போக. ஹரிதாஸ் நூறு கிலோ ஆள். காரிலிருந்து அவன் இறங்கியதும் கார் நிம்மதியாக மேலே எழும்பியது.

அதற்குள் வரிசை கேட்டுக்கு வெளியே சாலை வரை நீண்டிருந்தது. குலை லோரிக்காரர்கள் இறங்கி வந்து நிழலில் கூடியிருந்தார்கள். சுகுமாரன் யாரையும் பார்க்கவில்லை. நேராக ஜெயாவிடம் வந்து கையை நீட்டினார்.

"சாவி."

"மொதல்ல மேல பாருங்க அண்ணே."

அவர் சிவப்பு எண்ணைப் பார்த்தார். கதவுத் தகட்டைப் பார்த்தார். இரண்டையும் பார்த்துவிட்டு, மேடை பழுது என்றார். மலர்விழி கண்ணாடி அறையிலிருந்தே, போன மாதம்தான் மேடையைச் சோதித்து முத்திரை குத்தினார்கள் என்றாள். அப்படியானால் பாதி லோரியை நிறுத்தினால் எண் தப்பாகத்தான் வரும் என்றார் சுகுமாரன்.

"அஞ்சரை டன்ன எறக்கிட்டோம். எறக்குனதுக்கப்புறம் முன்னாடி எடை ஏறுமா? எந்த ஊரு கணக்கு இது?"

"ஏறுச்சு. என் கண்ணு முன்னால மூக்கு எறங்குச்சு."

"உன் கண்ணத்தான் கிளேபாங்ல பாத்தோமே."

நிழலில் யாரோ சிரித்தார்கள். ஜெயாவின் முகம் சிவந்தது. சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மேடை பழுதா இல்லையா என்று தானே பார்ப்பதாகச் சொல்லி ஹரிதாஸ் லோரியின் வால் பக்கம் ஏறினான். வேடிக்கைக்குத்தான் ஏறினான். தன் எடை தனக்குத் தெரியும், எண் நூறு கூடவில்லை என்றால் மேடையைக் குப்பையில் போடச் சொல்லுங்கள் என்றான். லோரியின் கடைசி விளிம்பில் இடுப்பில் கை வைத்து நின்றான்.

எண் அசைந்தது. 8,640.

"டேய், கொறையுது," என்றார் மருதமுத்து.

"என்னா கொறையுது?"

"நீ ஏறுன, எடை கொறைஞ்சுருச்சு. பேயா நீ?"

எல்லோரும் நிழலை விட்டு வெளியே வந்தார்கள். ஹரிதாஸ் நம்பாமல் கழுத்தை வளைத்துப் பார்த்தான். ஒரு குதி குதித்தான். எண் தாறுமாறாக ஓடி மறுபடியும் 8,640-க்கே வந்து நின்றது. ஜெயா மெல்லச் சொன்னாள், அப்படியே முன்னால் நடந்து வா என்று. அவன் நடந்தான். பின் சக்கரங்களுக்கு நேர் மேலே வந்தபோது எண் 8,700 ஆனது, அவன் லோரியிலேயே இல்லாதது போல. பெட்டியைத் தாண்டி, டர்பைனின் ஓரமாக ஒட்டி நடந்து, தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான். 8,780.

ஹாரன் சத்தம்கூட நின்றிருந்தது. ஜெயாவுக்கு இப்போதுதான் முழுதும் பிடிபட்டது. டயரைப் பார்த்தபோது அவள் கையில் பட்ட வால் நுனி, முழு மாடாக வெளியே வந்து நின்றது. அவள் சுகுமாரனைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

"பின் சக்கரத்துக்குப் பின்னாடி நிக்கிற பாரம் மூக்கைத் தூக்குது. முன்னாடி நிக்கிறது அமுக்குது. பிரெஸ் வால்ல இருந்த வரைக்கும் டர்பைனைத் தூக்கிப் பிடிச்சிட்டிருந்துச்சு. அத எறக்கிட்டோம். இப்ப டர்பைனை யாரு பிடிக்கிறா? என் முன் டயரு ரெண்டும்தான்."

அவர் பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கிளேபாங் அன்னிக்கும் வால்ல இருந்தத எறக்கிட்டுத்தான் வந்தேன். கனம் முன்னால இருந்துச்சு. நீங்க ஏத்துன லோட்."

சுகுமாரன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிதாஸ் இன்னும் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றான், இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல். அவர் அவனை இறங்கச் சொன்னார். பிறகு தணிந்த குரலில், சரி, நடந்தது நடந்துவிட்டது, ஜாசின் வரைக்கும் மெதுவாகப் போனால் போகலாம், மொத்த எடை சட்டத்துக்குள்தான் இருக்கிறது என்றார்.

"மெதுவா போனா டயருக்கு எடை கொறையுமா அண்ணே?"

"நீ எடுக்கலன்னா ஹரிதாஸ் எடுப்பான்."

எல்லோரும் ஹரிதாஸைப் பார்த்தார்கள். அவன் கீழே இறங்கி, முன் டயரின் பிதுங்கலைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். நிமிராமலேயே, தனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான்.

மருதமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. குலை வெயிலில் கிடக்கிறது, பாரந்தூக்கி உள்ளே சும்மா நிற்கிறது, இந்த மாமாங்கச் சண்டையை எப்போது முடிப்பீர்கள் என்று சுகுமாரனின் முகத்துக்கு நேரே கேட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் யாரும் ஜெயாவுக்காகப் பேசவில்லை, தங்கள் குலைக்காகத்தான் பேசினார்கள். ஆனாலும் சத்தம் சுகுமாரன் பக்கம் திரும்பியிருந்தது. மேனேஜரே பாரந்தூக்கியை அனுப்பிவைத்தார், மேடையைக் காலி செய்தால் போதும் என்று. மேடையை விட்டு நகர்த்துவதற்கு முன் ஜெயா கைப்பேசியை எடுத்துச் சிவப்பு எண்ணையும் டயரையும் ஒரே படத்தில் பிடித்தாள்.

லோரி பத்தடி தள்ளி நின்றது. ஜெயா சொன்னபடி அடுப்புக் கம்பிப் பெட்டி முன்னால் போய்த் தடுப்போடு ஒட்டியது. டர்பைன் எட்டடி பின்னால், ஏறக்குறைய பின் சக்கரங்களுக்கு மேலே வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவே மூன்றடிக்குக் குறையாத இடைவெளி.

அந்த இடைவெளியைப் பார்த்ததும் சுகுமாரனின் முகம் மாறியது. இப்படி விட முடியாது என்றார். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. பிரேக் போட்டால் வந்துவிடும் என்று டர்பைனைப் பார்த்தபடி இரண்டு தடவை சொன்னார். ஜெயா மறுக்கவில்லை. அவர் பயந்தது உண்மையான விஷயம்தான். மில்லின் மரக்கட்டைக் குவியலிலிருந்து தடிமனான கட்டைகளைத் தூக்கி வந்து, பெட்டிக்கும் டர்பைனுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக, கை நுழைய இடமில்லாமல் அடைத்தார்கள். சங்கிலியை சுகுமாரனே போட்டார். ஒவ்வொரு கொக்கியையும் எட்டி உதைத்துப் பார்த்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

லோரி மறுபடியும் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்தது. 6,540. மொத்தம் பழைய பதினெட்டாயிரத்து ஐந்நூறுதான், அதோடு கட்டைகளின் எடை. ஒரு கிலோவையும் யாரும் எடுக்கவில்லை, இடம்தான் மாறியது.

ஜெயா அதையும் படம் பிடித்தாள். கேபினில் ஏறி உட்கார்ந்து, இரண்டு படங்களையும் வாட்சாப் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: இது ரெண்டும் ஒரே லோட். மேல இருக்கிறதுதான் கிளேபாங்.

சுகுமாரனின் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். லோரிக் கதவுக்கு வந்து நின்றார்.

"அத அழிச்சிரு."

"உங்க மெசேஜ நீங்க அழிச்சீங்களா?"

"நாளைக்கு மத்தவன் எல்லாம் திம்பாங்ல ஏறி உக்காந்துக்குவான். நான் கம்பெனி நடத்துறதா வேணாமா?"

"உக்காரட்டுமே."

அவர் கதவின் வெள்ளை எழுத்தில் கை வைத்தார். கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும். மற்ற லோரிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: கனம் எங்கே இருந்தது, எத்தனை அடி தள்ளினீர்கள், நாளைக்கு என் லோடை யார் பார்ப்பது? சிரிக்கிற முகம் ஒன்றும் இல்லை. ஹரிதாஸ், பக்கத்திலேயே நின்றுகொண்டு, குழுவில் எழுதியிருந்தான்: நான் நேர்ல பாத்தேன், நான் ஏறுனேன் எடை கொறைஞ்சிச்சு.

"நாளைக்குக் காலைல நான் ஏத்துறப்ப கூட வந்து நில்லு," என்றார் சுகுமாரன். மன்னிப்பு மாதிரியும் இல்லை, உத்தரவு மாதிரியும் இல்லை.

"நின்னா சொல்லுவேன். சொன்னா கேக்கணும்."

"மொதல்ல இங்கருந்து எடு லா. பின்னால அடிக்க வர்றானுங்க."

உண்மையில் மருதமுத்து மறுபடியும் ஹாரனில் கையை வைத்திருந்தார். ஜெயா சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. லோரியைக் கிளப்பி மேடையை விட்டு இறக்கினாள். கேட்டில் இடப்பக்கம் திருப்பியபோது ஸ்டீயரிங் இலகுவாகச் சுற்றியது. கிளேபாங்குக்கு முந்தின நாட்களில்கூட அது இப்படிச் சுற்றியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

பக்கக் கண்ணாடியில் சுகுமாரன் தெரிந்தார். மேடையின் ஓரத்தில் நின்று, எண்கள் பூஜ்யமாகிவிட்டனவா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருதமுத்துவின் முன் சக்கரங்கள் மேடையில் ஏறியதுமே சுகுமாரன் கையைக் காட்டி, பின் சக்கரங்கள் ஏறுவதற்குள் லோரியை அங்கேயே நிறுத்தச் சொல்வது தெரிந்தது. மருதமுத்து தலையை வெளியே நீட்டிக் கொடுத்த பதில் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது என்று தெரிந்தது. அவள் கியரை மாற்றினாள்.